மூன்று வாரம் பொறுத்திருக்கலாம்: 401கே வெஸ்டிங்கில் கோட்டைவிடும் இடங்கள்

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, தெரிந்த தம்பி ஒருவன் வந்து புது வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொன்னான். பதினைந்து நாளில் சேரவேண்டுமாம். "சரிப்பா, வெஸ்டிங் பார்த்தியா?" என்றேன். "அப்படின்னா என்னண்ணா? பி.எஃப். மாதிரி எல்லாம் நம்ம பணம்தானே?" என்றான். இதே பதிலை நானும் 2015-ல் சொல்லியிருப்பேன், அதனால் அவன்மீது கோபம் வரவில்லை. என்மீதுதான் பழைய எரிச்சல் திரும்ப வந்தது.

இந்தியாவில் இ.பி.எஃப். கணக்கில் கம்பெனி போடும் பங்குக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, போட்ட மாதமே அது நம்முடையது. அமெரிக்காவில் கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே அப்படியில்லை. நீங்கள் போடுவதற்கு ஏற்பக் கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச் உங்கள் பெயரில் கணக்கில் ஏறும், பங்குச் சந்தையில் வளரும், திரையில் தெரியும். ஆனாலும் குறிப்பிட்ட வருடங்கள் வேலை பார்த்தால்தான் அது சட்டப்படி உங்களுடையதாகும். அந்த உரிமை வந்து சேர்வதற்குப் பெயர்தான் வெஸ்டிங். நம் ஊர் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் என்று எண்ணிக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பணமும் போய்விடும் என்று பயப்படுவது

போகாது. உங்கள் சம்பளத்தில் பிடித்தது முதல் நாளிலிருந்தே உங்களுடையது.

திரையில் தெரியும் பெரிய எண்ணை நம்புவது

கணக்குத் தளத்துக்குள் நுழைந்ததும் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் மொத்தத் தொகை. அதற்குக் கீழேயோ வேறொரு பக்கத்திலோ `Vested Balance` என்று இன்னொரு எண் இருக்கும். நாளைக்கே வேலையை விட்டால் கையில் வருவது அதுதான்.

கடைசி நாளை நாள்காட்டி பார்த்துக் குறிப்பது

என் பணம் போனது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் கம்பெனிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒன்று, மூன்று வருடம் முடியும்வரை பூஜ்யம், முடிந்ததும் முழுசாக நூறு சதவீதம். இதை கிளிஃப் என்பார்கள். இல்லையென்றால் இரண்டாம் வருடம் 20 சதவீதம், அப்புறம் வருடத்துக்கு இருபது இருபதாக ஏறி ஆறாம் வருடம் நூறு. கம்பெனி இதைவிடத் தாராளமாக இருக்கலாம், கஞ்சத்தனமாக இருக்க முடியாது. எங்களுடையது மூன்று வருட கிளிஃப்.

நான் சேர்ந்தது 2012 ஆகஸ்ட் 13. அப்போது சம்பளம் வருடத்துக்கு 96,000 டாலர், மாதம் 8,000. அதில் ஆறு சதவீதம், அதாவது 480 டாலர் நான் போட்டேன். கம்பெனி அதில் பாதி, மாதம் 240 டாலர். 2015 ஜூலையில் வேறு வேலை கிடைத்ததும் எல்லோரையும்போல இரண்டு வார நோட்டீஸ் கொடுத்து, ஜூலை 24 வெள்ளிக்கிழமையோடு கிளம்பினேன். "கிட்டத்தட்ட மூன்று வருடம்" என்று நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. கிட்டத்தட்ட என்ற சொல்லுக்கு வெஸ்டிங் கணக்கில் மதிப்பே இல்லை. 35 மாதம், மாதம் 240 என்றால் 8,400 டாலர், அதன் வளர்ச்சி தனி. பழைய கணக்கை மாற்றலாம் என்று விண்ணப்பம் நிரப்பியபோதுதான் கம்பெனி பங்குக்கு எதிரே 0% என்று பார்த்தேன். ஆகஸ்ட் 13-க்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் விட்டிருக்கிறேன்.

புது வேலையில் சம்பளம் 18,000 டாலர் அதிகம்தான். ஆனால் மூன்று வாரம் தாமதமாகச் சேர்ந்திருந்தால் அந்த உயர்வில் இழந்திருப்பது ஆயிரம் டாலர் சொச்சம். புது இடத்தில் கேட்டிருந்தால் தேதியைத் தள்ளிக் கொடுத்திருப்பார்கள், அவர்களுக்கு ஒன்றும் அவசரமில்லை. போய்ச் சேர்ந்த முதல் மாதம் லேப்டாப்புக்காகவே காத்துக்கிடந்தேன்.

ஆனால் அதைவிட எரிச்சல் தந்தது பிறகு தெரிந்துகொண்ட ஒரு விஷயம். "ஒரு வருட சேவை" என்பதை எல்லாத் திட்டங்களும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சேர்ந்த தேதியிலிருந்து கடைசித் தேதிவரை காலத்தை அளப்பது ஒரு முறை. எங்கள் திட்டம் அந்த வகை, அதனால்தான் ஆகஸ்ட் 13 எனக்குக் கோடாகிப்போனது. இன்னொரு முறையில் தேதியைப் பார்ப்பதில்லை, மணியை எண்ணுகிறார்கள். திட்டம் குறித்த பன்னிரண்டு மாதத்துக்குள் ஆயிரம் மணி நேரம் தேறினால் அது ஒரு வருடம். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு மணிகளும் அதில் சேரும். பல திட்டங்களில் அந்தப் பன்னிரண்டு மாதம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும்.

இப்போது என் தேதிகளையே இந்த மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள். 2012-ல் ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை இருபது வாரம், வாரம் நாற்பது மணி என்றால் 800. தேறவில்லை. 2013 ஒன்று, 2014 இரண்டு. 2015-ல் இருபத்தைந்து வாரம் முடிந்ததும், அதாவது ஜூன் கடைசியிலேயே ஆயிரம் மணி தாண்டி மூன்றாவது வருடம் கிடைத்திருக்கும். அதே ஆள், அதே ஜூலை 24, ஆனால் நூறு சதவீதம்! 2012 ஜூன் தொடக்கத்தில் சேர்ந்த ஒருவருக்கு அந்த அரைவருடமே ஆயிரத்தைத் தாண்டிவிடும் என்பதால், அவர் 2014 ஜூன் கடைசியிலேயே, சேர்ந்து இரண்டு வருடம் தாண்டிய சூட்டோடு மூன்று வருட சேவையைத் தொட்டிருப்பார். இது தெரியாமல் இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அதுவும் நஷ்டம்தான்.

அதனால் தேதி குறிக்கும் முன் திட்டச் சுருக்க ஆவணத்தை எடுங்கள். `Summary Plan Description` என்ற பெயரில் கணக்குத் தளத்திலேயே இருக்கும். அதில் வெஸ்டிங் பகுதியில் மூன்றைப் பாருங்கள்: எந்த அட்டவணை, சேவை வருடத்தை மணியில் எண்ணுகிறார்களா காலத்தில் எண்ணுகிறார்களா, மணி என்றால் எந்தத் தேதியிலிருந்து. பிறகு திட்ட நிர்வாகிக்கு மின்னஞ்சலில் "என் கடைசி நாள் இது என்றால் என் வெஸ்டிங் எத்தனை சதவீதம்" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மீந்துபோன விடுப்புக்குப் பணமாக வாங்கிக்கொண்டால் அது கடைசி நாளைத் தள்ளிவைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மேனேஜரிடம் கேட்பது

அவருக்கும் தெரியாது.

சென்னை வருடங்களை விட்டுவிடுவது

இது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. சென்னைக் கிளையில் நான்கு வருடம் வேலை பார்த்து எல்-1 விசாவில் அதே கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகத்துக்கு வந்த நண்பர் ஒருவருக்குத் திரையில் 0% என்றே காட்டியது. அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் ஏறிய தேதியைத்தான் கணினி சேர்ந்த தேதியாக எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரே உரிமையாளர் குழுமத்துக்குள் பார்த்த வேலை, வெளிநாட்டுக் கிளையில் பார்த்ததானாலும், வெஸ்டிங்கில் சேர வேண்டும். தாய்க் கம்பெனிக்குக் கிளையில் குறைந்தது 80 சதவீதப் பங்கு இருந்தால் அது ஒரே குழுமம். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களைக் கழிக்கலாம். நண்பர் சென்னை நியமனக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் இணைத்து எழுதினார், இரண்டு மாத இழுபறிக்குப் பின் நூறு சதவீதம் ஆனது. கேட்காமல் இருந்திருந்தால் யாரும் தேடி வந்து திருத்தியிருக்க மாட்டார்கள்.

விட்டதும் அவசரமாகப் பணத்தை எடுப்பது

வெஸ்ட் ஆகாத பங்கு, நீங்கள் கிளம்பிய நிமிடத்தில் மறைவதில்லை. உங்கள் பங்கை வெளியே எடுத்தாலோ வேறு கணக்குக்கு மாற்றினாலோ அத்தோடு பறிமுதல் ஆகிவிடும். எடுக்காமல் விட்டால் பொதுவாக ஐந்து வருட இடைவெளி வரை உயிரோடு இருக்கும், அதற்குள் அதே கம்பெனிக்குத் திரும்பினால் பழைய சேவையோடு தொடரலாம். திரும்பிப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர்கள் பொறுத்திருக்கலாம். ஆனால் 7,000 டாலருக்குள் இருக்கும் சின்னக் கணக்குகளைக் கம்பெனியே உங்களைக் கேட்காமல் மூடி அனுப்பிவிடலாம். (பறிமுதலான பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். திட்டத்துக்குள்ளேயேதான் இருக்கும். நிர்வாகச் செலவுக்கோ, மற்றவர்களுக்குக் கம்பெனி போடவேண்டிய பங்குக்கோ பயன்படும். என் எட்டாயிரமும் யாரோ ஒருவருடைய மேட்ச் ஆகியிருக்கும்.)

ஆட்குறைப்பில் போனதையும் விதி என்று விடுவது

ஒரு வருடத்தில் திட்டத்திலிருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்களைக் கம்பெனியே வெளியே அனுப்பினால், திட்டம் பகுதியளவு முடிந்துவிட்டதாக வருமான வரித்துறை கருதும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அட்டவணை என்னவானாலும் நூறு சதவீதம் தர வேண்டும். அறுபது நாளில் அடுத்த வேலை தேடும் விசா பதற்றத்தில் இதை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

20 சதவீதத்துக்காக ஒரு வருடம் உட்கார்ந்திருப்பது

படிப்படி அட்டவணையில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனி பங்கு 6,000 டாலர் சேர்ந்திருக்கிறது, அடுத்த படிக்கு ஒரு மாதம் இருக்கிறது என்றால் 1,200 டாலருக்குக் காத்திருக்கலாம். பதினொரு மாதம் என்றால், புது வேலையில் மாதம் நூற்றுப்பத்து டாலர் கூடக் கிடைத்தாலே அது ஈடாகிவிடும், கிளம்புங்கள்.

டிசம்பரை மறப்பது

சில இடங்களில் மேட்சை வருடத்துக்கு ஒருமுறைதான் போடுவார்கள், அதுவும் டிசம்பர் 31 அன்று வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். இது வெஸ்டிங் அல்ல, வேறு நிபந்தனை, முழுசாக வெஸ்ட் ஆனவர்களும் மாட்டுவார்கள்.

பள்ளி வாசல் தம்பி அன்றைக்கு ராத்திரியே ஆவணத்தைத் தேடி எடுத்து அனுப்பினான். தொண்ணூறு சொச்சம் பக்கம். நான் வெஸ்டிங் பகுதிக்குப் போனேன். சேஃப் ஹார்பர் வகை மேட்ச், முதல் நாளிலிருந்தே நூறு சதவீதம். இதிலும் தானாகச் சேர்க்கும் வகை ஒன்று உண்டு, அதில் இரண்டு வருடம்வரை காக்க வைக்கலாம், அவனுடையது அதுவும் இல்லை. "அப்போ நான் பதினைந்து நாளில் போகலாமாண்ணா?" என்று கேட்டிருந்தான். போகலாம் என்று எழுதினேன்.