பின்தேதி செக்: வாங்கிய நாளிலிருந்து கிளியர் ஆகும்வரை கணக்கில் எங்கே வைப்பது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பத்துக்கு மசாலா மொத்த வியாபாரம். கணக்கு என் பொறுப்பு. உணவகக்காரர்கள் பலர் சரக்கை எடுத்துக்கொண்டு ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத் தேதியிட்ட செக்கைக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் செக் கைக்கு வந்த அன்றே அதைப் பேங்க் வரவாகப் பதிந்துவிடுவேன். அந்தப் பழக்கத்தால் ஒரு வாடிக்கையாளரிடம் 16,500 ரிங்கிட் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மாற்றிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்வாய்ஸ் போடவும் ரசீது போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். பட்டர்வொர்த் உணவகம் ஒன்றுக்கு 2025 மார்ச் 3-ஆம் தேதி 4,200 ரிங்கிட்டுக்கும், மார்ச் 20-ஆம் தேதி 2,800 ரிங்கிட்டுக்கும் இன்வாய்ஸ். கடன் வரம்பு 10,000. மார்ச் 28-இல் இரண்டு செக் கொடுத்தார்: ஏப்ரல் 30 தேதியிட்டு 4,000, மே 31 தேதியிட்டு 3,000. நான் இரண்டையும் அன்றே வரவு வைத்தேன். கணக்கில் அவர் பாக்கி பூஜ்யம் ஆனது. கடையில் இருந்த தம்பி திரையைப் பார்த்துவிட்டு இன்னும் 9,500 ரிங்கிட் சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டான். அவன் மேல் தவறில்லை, திரை காட்டியதை நம்பினான். உண்மையில் அந்த நிமிடம் நமக்கு வரவேண்டியது 16,500. ஒரு காசுகூடக் கைக்கு வரவில்லை.

முதல் படி: தனிக் கணக்கு ஒன்று

நடப்புச் சொத்துகளின் கீழ், கடன்காரர் கணக்குக்குப் பக்கத்தில், ‘கையிருப்பு பின்தேதி செக்’ என்று ஒரு கணக்கைத் திறங்கள். செக் வாங்கிய அன்று ரசீது போடலாம். ஆனால் டெபிட் பேங்குக்கு அல்ல, இந்தக் கணக்குக்கு. கிரெடிட் வாடிக்கையாளர் கணக்குக்கு. இன்வாய்ஸ்களோடு நாக் ஆஃபும் செய்துவிடலாம். சில மென்பொருள்களில் ரசீதுக்கான கணக்கைப் பேங்க் வகையில் மட்டுமே திறக்க முடியும். அப்படியானால் ஆண்டு முடிவில் அந்த மீதியைக் கடன்காரர் பக்கத்துக்கு மாற்றிக் காட்டுங்கள். தேதி வராத செக் ரொக்கம் ஆகாது.

செக்கை வாங்கும்போதே எழுத்தில் உள்ள தொகை, எண்ணில் உள்ள தொகை, நிறுவனத்தின் பெயர், தேதியில் உள்ள ஆண்டு நான்கையும் பாருங்கள். ஜனவரியில் பழைய ஆண்டை எழுதிவிடுவார்கள். அடித்துத் திருத்திய செக்கை இங்குள்ள வங்கிகள் ஏற்பதில்லை, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும் சரி. புதுச் செக்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: செக் பதிவேடு

இதற்கு மென்பொருளின் தனி வசதியைவிட எக்செல் தாள்தான் எனக்குப் பிடிக்கும். கடையில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பத்திகள் இப்படி: A வாங்கிய நாள், B வாடிக்கையாளர், C வங்கியும் செக் எண்ணும், D செக் தேதி, E தொகை, F பேங்கில் போடும் நாள், G நிலை. நிலைக்கு ஐந்து சொல் போதும்: கையில், போட்டது, கிளியர், திரும்பியது, மாற்றியது.

F பத்தியைக் கையால் எழுதாதீர்கள். விடுமுறை நாள்களை `Cuti` என்ற தாளில் எழுதி வைத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
=WORKDAY(D2-1,1,Cuti!$A$2:$A$30)
```

மே 31 தேதியிட்ட செக்கைப் பாருங்கள். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. ஜூன் 2 திங்கள், மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. ஆக, போடும் நாள் ஜூன் 3 செவ்வாய். அன்று நேரத்தோடு போட்டால் விடை தெரிவது ஜூன் 4. ஏப்ரல் 30 செக்கை அன்றே போடலாம், ஆனால் மறுநாள் தொழிலாளர் தினம் என்பதால் விடை தெரிய மே 2 வரை காத்திருக்க வேண்டும். போட்ட அன்றே பேங்க் கணக்கில் தொகை தெரியலாம். அதைப் பார்த்து ‘கிளியர்’ என்று மாற்றாதீர்கள், அடுத்த வேலை நாள் வரை ‘போட்டது’ என்றே இருக்கட்டும். கிளியர் ஆனதும் பேங்கை டெபிட் செய்து, செக் கணக்கைக் கிரெடிட் செய்யுங்கள்.

கடன் வரம்பைப் பார்க்க இன்னொரு சூத்திரம். J2-இல் வாடிக்கையாளர் பெயர்:

```
=SUMIFS(E:E,B:B,J2,G:G,"கையில்")+SUMIFS(E:E,B:B,J2,G:G,"போட்டது")
```

இதில் வரும் தொகையை அவருடைய பாக்கியோடு கூட்டி, அதைத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும். அன்று இது இருந்திருந்தால் பாக்கி பூஜ்யம், செக் 7,000 என்று தெரிந்திருக்கும். மேற்கொண்டு 3,000 ரிங்கிட் சரக்குதான் போயிருக்கும்.

மூன்றாம் படி: செக் திரும்பினால்

நான் அதிக நாள் தடுமாறிய இடம் இதுதான். முதல் செக் கிளியர் ஆகி, இரண்டாவது 3,000 ஜூன் 4-இல் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம்.

நான் முதலில் செய்தது, ஜூன் 4 தேதியில் 3,000-க்கு ஒரு டெபிட் நோட். மொத்தப் பாக்கி சரியாக வரும். ஆனால் ஏஜிங் ரிப்போர்ட்டைத் திறந்தால் அந்த 3,000 இன்று பிறந்த கடன்போல் ‘நடப்பு’ பத்தியில் போய் உட்கார்ந்திருக்கும். மார்ச் மாதத்துக் கடனை யாரும் துரத்த மாட்டார்கள். இன்னொரு தவறு, மார்ச் 28 ரசீதையே அழித்துவிடுவது. மூடிய மாதத்தின் கணக்கு மாறிப்போகும், செக் வந்த தடயமும் போய்விடும்.

சரியான வழி: ஜூன் 4 தேதியில் வாடிக்கையாளரை டெபிட், செக் கணக்கைக் கிரெடிட் செய்து ஒரு பதிவு போடுங்கள். அப்புறம் பழைய ரசீதைத் திறந்து, இன்வாய்ஸ்களோடு செய்த நாக் ஆஃபை எடுத்துவிட்டு, அந்த ரசீதை இந்தப் புதுப் பதிவோடு நாக் ஆஃப் செய்யுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இன்வாய்ஸ்கள் அவற்றின் பழைய தேதியோடு மறுபடி திறந்துகொள்ளும். முதல் செக் 4,000 மார்ச் 3 இன்வாய்ஸில் போனதால், அதில் 200 மீதி, 93 நாள். மார்ச் 20 இன்வாய்ஸில் முழு 2,800, 76 நாள். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்ணும் 90-க்கு மேல், 61–90 பத்திகளில் வந்தால் நீங்கள் செய்தது சரி. திரும்பிய செக் தேதியைக் கேட்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், அதைப் பயன்படுத்திவிட்டு இதே எண்களை ஒருமுறை சரிபாருங்கள்.

பேங்க் அறிக்கையில் 3,000 உள்ளே வந்து வெளியே போனதாக இருக்கும். நம் பேங்க் கணக்கில் இரண்டுமே இல்லை என்பதால் வித்தியாசம் வராது. திரும்பிய செக்கையும் வங்கி தந்த காரணச் சீட்டையும் இன்வாய்ஸ் நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

பின்சேர்க்கை

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “செக் தேதிக்கு முதல் நாள் ஃபோன் செய்து, ‘அக்கா, செக்கைப் போடாதீங்க, டுயிட்நவ்ல அனுப்பிடுறேன்’ என்கிறார்கள். எப்படிப் பதிவது?” இது எங்களுக்கும் வழக்கம்தான். பணம் போதாமல் 12 மாதத்துக்குள் மூன்று செக் திரும்பினால் வங்கி அவர்களின் நடப்புக் கணக்கை மூடும், அந்தப் பயம். அனுப்பிய பணத்தைப் புது ரசீதாகப் போட்டால், ஒரே கடனுக்கு இரண்டு வரவு வந்துவிடும். பேங்கை டெபிட், செக் கணக்கைக் கிரெடிட் செய்து, நிலையை ‘மாற்றியது’ என்று மாற்றுங்கள். பாதித் தொகைதான் வந்தது என்றால், மீதியை மேலே சொன்னபடி வாடிக்கையாளர் கணக்குக்கே திருப்புங்கள். பழைய செக்கை அன்றே அவரிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் மேசை இழுப்பறையில் அப்படி ஒரு செக் தங்கி, புதிதாக வந்த பையன் அதைப் பேங்கில் போட்டுவிட்டான். அந்த வாடிக்கையாளரிடம் 1,850 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுக்க நேரில் போக வேண்டியிருந்தது.