“1999 முதல்”, “நம்பர் 1”, “தேசிய விருது”: சோலார் நிறுவனத்தின் பெருமைகளைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கியபின், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் மொட்டை மாடிக்கு சோலார் பொருத்தித் தருவதாகத் துண்டறிக்கைகள் வருகின்றன. 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் கிடைப்பதால், முன்பு யோசித்துக்கொண்டிருந்த குடும்பங்களும் இப்போது விலைப்புள்ளி வாங்குகின்றன. பேனல் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்பதற்கான உத்தரவாதம் பொதுவாக 25 ஆண்டு. பொருத்தியவரே 5 ஆண்டு பராமரித்துத் தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஆகவே அந்த நிறுவனம் நாளைக்கும் இருக்குமா, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் தேடும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள்.

இப்படி ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பதில்லை. அடிக்கடி காணும் வாசகங்களைச் சேர்த்து அமைத்த உதாரணம்தான். “1999 முதல் உங்கள் சேவையில். தென்னிந்தியாவின் நம்பர் 1 சோலார் நிறுவனம். தேசிய விருது பெற்றது. ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது. 5,000 வீடுகளுக்கு ஒளி தந்தவர்கள்.” கீழே கிருஷ்ணகிரி முகவரி, கைபேசி எண்.

முதல் தவறு, நிறுவனமே எழுதிக்கொடுத்ததை வெளிச்சான்று என்று நம்பிவிடுவது. கூகுளில் தேடினால் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே “10+ ஆண்டுகளாகத் தொழிலில்” என்று வருகிறது அல்லவா, அது உரிமையாளர் தன் கணக்கில் பதிந்த தொடக்கத் தேதியிலிருந்து வருவது. பிரேம் போட்டு மாட்டியிருக்கும் உத்யம் சான்றிதழும் அப்படித்தான். அரசு முத்திரை இருக்கும், தொழில் தொடங்கிய நாளும் அச்சாகியிருக்கும். ஆனால் அந்தப் பதிவு சுய அறிவிப்பின் பேரில் நடப்பது. உத்யம் முறையே 2020 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. அதைக் காட்டி “மத்திய அரசு அங்கீகாரம்” என்று யாராவது சொன்னால், அவர் சிறு தொழிலாகத் தன்னைப் பதிந்துகொண்டார் என்பதற்கு மேல் எதுவும் அதில் இல்லை. வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் காணும் “எப்போதிலிருந்து பயன்பாட்டில்” என்ற தேதியும் விண்ணப்பித்தவர் கோருகிற தேதிதான். ஒரு ஆவணத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: இந்த வரியை எழுதியது யார், அவருக்கு யார் சொன்னார்கள்?

1999-ஐச் சோதிக்க முதலில் விலைப்புள்ளியின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால் கடிதத்தாளிலும் பில்லிலும் 21 எழுத்து-எண் கொண்ட நிறுவன அடையாள எண் அச்சிட்டிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
U40106TN2019PTC......
```

TN தமிழ்நாடு, அதையடுத்த நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு, 2019. அச்சில் பார்ப்பதோடு விடாமல், நிறுவன விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்தில் அதே எண்ணைத் தேடிப் பதிவான தேதி, தற்போதைய நிலை, முகவரி மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய ஒரே பெயரில் பல நிறுவனங்கள் இருக்கும் என்பதால் பெயரை வைத்துத் தேடுவதைவிட எண்ணை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு. பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள எல்.எல்.பி. வகை நிறுவனத்தின் எண்ணில் ஆண்டு இருக்காது, பதிவேட்டில்தான் பார்க்க முடியும். ஆனால் எல்.எல்.பி. சட்டமே 2008-இல்தான் வந்தது என்பதால், அந்த வகை நிறுவனம் அதே வடிவில் 1999-இலிருந்து இருக்க வழியே இல்லை.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. 2019 என்று பார்த்தவுடன் “பொய் சொல்கிறார்கள்” என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அப்பா நடத்திய எலக்ட்ரிகல் கடையை மகன் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியிருக்கலாம். நம் பக்கத்தில் சாதாரணமாக நடப்பதுதான். அப்படியானால் பழைய கடைக்குத் தடயம் இருக்கும். பங்குதாரர் நிறுவனமாக இருந்து பதிவும் செய்திருந்தால் பதிவுத்துறையின் `tnreginet.gov.in` தளத்தில் தேடலாம். ஜி.எஸ்.டி. எண்ணை `gst.gov.in` தளத்தில் இட்டால் சட்டப்படியான பெயர், தொழில் அமைப்பு, பதிவு நடைமுறைக்கு வந்த தேதி மூன்றும் வரும். எண்ணின் முதல் இரு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு. ஆறாவது இடத்தில் உள்ள எழுத்து C என்றால் நிறுவனம், F என்றால் பங்குதாரர் நிறுவனம் அல்லது எல்.எல்.பி., P என்றால் தனிநபர். விலைப்புள்ளியில் “பிரைவேட் லிமிடெட்” என்று போட்டு, பில்லில் P எழுத்துள்ள எண் இருந்தால், நீங்கள் பணம் கொடுப்பது வேறொருவருக்கு. ஆண்டுக் கணக்கைவிட இதைத்தான் முதலில் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஜி.எஸ்.டி. தேதிக்கும் எல்லை உண்டு. பழைய வரி முறையிலிருந்து மாறிய வணிகர்களுக்கெல்லாம் அது 01/07/2017 என்றே இருக்கும். 1985-இல் தொடங்கியவருக்கும் அதேதான், 2016-இல் தொடங்கியவருக்கும் அதேதான். விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருந்த சிறு கடை பிறகு பதிந்திருந்தால் தேதி இன்னும் பிந்தியதாக இருக்கும். 2017-க்கு முந்தைய காலத்துக்கு ஜி.எஸ்.டி. தளம் சாட்சி சொல்லாது. அதற்குப் பழைய பில், பழைய வரிப் பதிவு, வங்கிக் கடிதம் போன்ற அந்தக் காலத்துக் காகிதம் வேண்டும்.

அப்படி ஒரு பழைய பில்லைக் காட்டினால் தேதியை மட்டும் பார்க்காமல் காகிதம் முழுவதையும் படியுங்கள். 1999 தேதியிட்ட பில்லில் “கிருஷ்ணகிரி மாவட்டம்” என்று அச்சாகியிருந்தால் அது அந்த ஆண்டுக் காகிதமாக இருக்க முடியாது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-இல். வாட் வரிக்கான 11 இலக்க டின் எண் இருந்தாலும் அப்படியே. தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது 2007 ஜனவரியில். ₹ குறியீடு இருந்தாலும் அதேதான், மத்திய அரசு அதை ஏற்றது 2010-இல். பழைய பில்லைப் பிறகு மறுபடி அச்சடித்தோம் என்று சொல்லக்கூடும். அப்படியானால் மூலத்தைக் கேளுங்கள். மூலம் இல்லையென்றால் அந்தக் காகிதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. 1999-இலிருந்து ஒயரும் சுவிட்சும் விற்ற கடைக்கு 25 ஆண்டு சோலார் அனுபவம் வந்துவிடாது. “உங்கள் முதல் சோலார் வேலை எந்த ஆண்டு, எந்த ஊரில்?” என்று கேட்டு, 5 ஆண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று வீடுகளின் முகவரி வாங்குங்கள். ஒன்று காவேரிப்பட்டணத்திலும் ஒன்று பாலக்கோட்டிலும் இருந்தால் நேரில் போய்விட்டு வருவது பெரிய காரியமில்லை. பழுது என்று கூப்பிட்டபோது எத்தனை நாளில் வந்தார்கள் என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காத விவரம் அது.

விருது விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, விருதின் பெயரைத் தேடி நாலைந்து செய்தித்தளங்களில் வந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைவது. அந்தச் செய்திகளை அருகருகே வைத்துப் படியுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒன்றாக இருந்தால், நிறுவனமோ விருது நடத்துபவரோ அனுப்பிய ஒரே அறிக்கைதான் எல்லா இடத்திலும் வந்திருக்கிறது. நாலு சாட்சி இல்லை, ஒரே சாட்சி. பல தளங்களில் அடியில் சிறிய எழுத்தில், இது பணம் பெற்று வெளியிட்ட உள்ளடக்கம், ஆசிரியர் குழுவுக்குத் தொடர்பில்லை என்றுகூட இருக்கும்.

விருது கொடுத்தவரின் தளத்துக்கே போக வேண்டும். அந்த ஆண்டின் வெற்றியாளர் பட்டியல் இருக்கிறதா, எத்தனை பேர் போட்டியிட்டார்கள், நடுவர்கள் யார், விண்ணப்பிக்க எவ்வளவு கட்டணம் என்று பாருங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றமில்லை. மதிப்புள்ள சில போட்டிகளும் வாங்குகின்றன. ஆனால் வென்றபிறகு கோப்பைக்கும் மேடைக்கும் மேசைக்கும் தனித்தனி விலைப்பட்டியல் இருந்தால், ஒரே ஆண்டில் நூற்றுக்கணக்கான பிரிவுகளில் “சிறந்தவர்” இருந்தால், அந்த விருது வேலையின் தரத்தைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

அமைச்சர் கையால் வாங்கும் படமும் அரசு விருதுக்குச் சான்றாகாது. தனியார் நடத்தும் விழாவுக்கு அமைச்சர் சிறப்பு விருந்தினராக வருவது வழக்கம். படத்தின் பின்னணியில் இருக்கும் பேனரைப் பெரிதாக்கி, விழா நடத்தியவர் யார் என்று படியுங்கள். உண்மையிலேயே மத்திய அமைச்சகம் கொடுத்திருந்தால் அமைச்சகத்தின் தளத்திலோ அரசின் செய்திக்குறிப்பிலோ தேடலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் ரூ.10 கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அமைச்சகத்தையே கேட்கலாம்.

ஐ.எஸ்.ஓ. 9001 விருதும் அல்ல, பேனலின் தரச்சான்றும் அல்ல. நிர்வாக முறைக்கான சான்று. ஐ.எஸ்.ஓ. அமைப்பே யாருக்கும் சான்று தருவதில்லை, தணிக்கை நிறுவனங்கள்தான் தருகின்றன. இந்தியாவில் அவற்றுக்கு அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.சி.பி.; வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளின் பேரிலும் சான்று வரும். சான்றிதழில் அங்கீகார முத்திரை, முடியும் தேதி, எந்த வேலைக்குச் சான்று என்ற வரி மூன்றையும் பாருங்கள். “மின்சாதன விற்பனை” என்று மட்டும் இருந்தால் சோலார் பொருத்தும் வேலை அதில் இல்லை.

“நம்பர் 1” என்பதற்கு ஒரே கேள்வி போதும்: எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில், எதை அளந்து? திட்டத்தின் `pmsuryaghar.gov.in` தளத்தில் விற்பனையாளராகப் பதிவாகியிருப்பது கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் பதிவுபெற்றவர் என்பது தரவரிசை இல்லை.

“5,000 வீடுகள்” போன்ற எண்ணைப் பலரும் சோதிக்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் முடியும். அதன் ஆண்டு நிதிநிலை அறிக்கைகளை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். 3 கிலோவாட் அமைப்பு ஒன்றுக்கு ரூ.1.8 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 5,000 வீடுகளுக்கு ரூ.90 கோடி. தொடங்கியதிலிருந்து எல்லா ஆண்டு வருமானத்தையும் கூட்டினாலும் ரூ.6 கோடிதான் வருகிறது என்றால், ஏறத்தாழ 330 வீடுகளுக்கான தொகை அது. சிறிய அமைப்புகள், கூலிக்கு மட்டும் செய்த வேலை, பழைய கடையின் கணக்கு என்று விளக்கம் இருக்கலாம். பதினைந்து மடங்கு இடைவெளியை அந்த விளக்கம் நிரப்புகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 330 வீடுகள் நன்றாகச் செய்த நிறுவனம் நல்ல நிறுவனம்தான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

கடைசித் தவறு, இதையெல்லாம் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவது. துண்டறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் நிறுவன எண், பதிவான ஆண்டு, முதல் சோலார் வேலையின் ஆண்டு, விருது கொடுத்தவரின் பெயர், 5 ஆண்டு பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். பொய்யான விளம்பரத்தால் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. புகாரோடு சேர்க்க அந்த முத்திரையிட்ட தாளும் துண்டறிக்கையும் கையில் இருக்க வேண்டும்.