பெரிய காகித எழுத்துகள்: அளவு எங்கே பிசகுகிறது?

அறிவிப்புப் பலகைக்கு எழுத்து வெட்ட உட்காரும்போது பலர் முதலில் செய்வது, சார்ட் பேப்பரை ஒரே அளவுச் செவ்வகங்களாக நறுக்கி, ஒன்றுக்கு ஓர் எழுத்து என்று பங்கிடுவதுதான். தமிழ் எழுத்துக்கு இது ஒத்துவராது. 'பாடம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ப-வுக்கு இரண்டு செங்குத்துப் பட்டை, நடுவில் ஓர் இடைவெளி. ம-வுக்கு மூன்று பட்டை, இரண்டு இடைவெளி. இரண்டையும் 12 செ.மீ. அகலத்துக்குள் அடக்கினால், ப-வுக்கு 3 செ.மீ. பட்டை தாராளமாகக் கிடைக்கும். ம-வின் பட்டை 2.4 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஒட்டிய பிறகு ம மட்டும் வேறு யாரோ வெட்டியதுபோல நிற்கும்.

அதனால் சொல்லின் முதல் எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். எந்த எழுத்தில் நெரிசல் அதிகமோ, அதிலிருந்து அளவெடுங்கள். இங்கே அது ம. உயரம் 15 செ.மீ. என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 3 செ.மீ., பட்டையின் அகலம். ம-வின் மூன்று பட்டை, இரண்டு இடைவெளி எல்லாமே 3 செ.மீ.; மொத்தம் 15 செ.மீ. அகலம். எடுப்பாகத் தெரியட்டும் என்று பட்டையை 4 செ.மீ. ஆக்கினால் இடைவெளிகள் 1.5 செ.மீ. ஆகிவிடும், கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ம அடைத்த கட்டியாகத் தெரியும். மாறாக, பட்டை மிகவும் மெலிந்தால் சார்ட் பேப்பர் சுருண்டு ஓரம் தூக்கிக்கொள்ளும். ம-வில் முடிவான 3 செ.மீ. பட்டையை மற்ற எழுத்துகளுக்கும் வையுங்கள். ப 12 செ.மீ., கால் 9 செ.மீ., ட 10 செ.மீ. அகலம் போதும்.

புள்ளியையும் 15 செ.மீ. உயரத்துக்குள் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. புள்ளிக்கும் அதன் கீழ் இடைவெளிக்கும் 5 செ.மீ. போய்விட, ம குள்ளமாகிவிடும். புள்ளி எப்போதும் எழுத்தின் உயரத்துக்கு மேலேதான். அதன் விட்டம் பட்டையை விடச் சற்றுக் கூட, 3.5 செ.மீ. இருக்கட்டும், வட்டம் கண்ணுக்கு எப்போதும் கொஞ்சம் சிறுத்தே தெரியும். ம-வின் தலையிலிருந்து 1.5 செ.மீ. விட்டு ஒட்டுங்கள்.

ப-வும் காலும் இருபுறமும் ஒத்த வடிவங்கள் என்பதால் மடித்து வெட்டலாம். ப-வுக்கு 12 செ.மீ. அகலக் காகிதத்தை நெடுக்கில் பாதியாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்தில் 3 செ.மீ. அகலம், மேலிருந்து 12 செ.மீ. ஆழம் நீக்கினால், விரிக்கும்போது 6 செ.மீ. இடைவெளியோடு ப கிடைக்கும். இங்கே நடக்கும் தவறு, 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று மடித்த தாளிலேயே 6 செ.மீ. குறிப்பது, மடித்த அகலமே அவ்வளவுதான், பட்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. மடிப்பின் அடிப்பக்கம் 3 செ.மீ. வெட்டாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு குச்சிகள்தான் கையில் வரும். காலுக்கு இதே முறையில், 9 செ.மீ. தாளை மடித்து, மடிப்பிலிருந்து 1.5 செ.மீ. அகலத்தைக் கீழிருந்து 12 செ.மீ. உயரத்துக்கு நீக்குங்கள்.

ட, ம இரண்டையும் மடிக்க முடியாது. பென்சில் கோடு தெரியக்கூடாதென்று காகிதத்தின் பின்புறம் வரைந்தால், திருப்பும்போது இவை இரண்டும் இடவலம் மாறிவிடும். ப-வில் இந்தப் பிழை வெளியே தெரியாது என்பதால், பாதி வேலை முடிந்த பிறகே கண்ணில் படும். பின்புறம் வரைவதானால் ட-வின் நிற்கும் பட்டையை வலப்பக்கம் வரையுங்கள். ம-வின் கூட்டை இடப்பக்கம்.

ம-வின் கூட்டுக்குள் 3 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரமுள்ள துளையை வெளிப்புறத்திலிருந்து கத்தரிக்கோலை நுழைத்து வெட்டினால், அந்த வெட்டுத்தடம் ஒட்டிய பின்னும் தெரியும். தடித்த அட்டையை அடியில் வைத்து, ஸ்கேல் பிடித்துக் கட்டரால் வெட்டுங்கள். ஒவ்வொரு கோட்டையும் மூலையில் தொடங்கி நடுவில் நிறுத்தி, மறுமூலையிலிருந்து வந்து சேருங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் மூலையைத் தாண்டிக் கிழிந்துவிடும்.

கடைசிப் பிழை ஒட்டும்போது வரும். எழுத்துகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஒரே இடைவெளி விட்டால், ட-வுக்கும் ம-வுக்கும் நடுவில் மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். ட-வின் மேல்பாதி வெறுமையாக இருப்பதே காரணம். ப–கால், கால்–ட இடையே 3 செ.மீ. விட்டால், ட–ம இடையே 1.5 செ.மீ. போதும். மொத்த நீளம் 53.5 செ.மீ. வரும். 90 செ.மீ. பலகையில் இரு பக்கமும் 18 செ.மீ.க்குச் சற்று மேல் விட்டுத் தொடங்குங்கள். பசை தடவுமுன் எழுத்துகளைக் குண்டூசியால் குத்தி வைத்து, நான்கைந்து அடி பின்னால் போய்ப் பாருங்கள். ம இன்னும் விலகித் தெரிந்தால் அரை செ.மீ. நகர்த்தலாம்.