மடிப்பு நிழல் கழித்தலைக் கூட்டலாக்கினால்: படத்தில் வந்த கூம்பு வளைவுக் கணக்கு

கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் டூ. போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மழையில் கரண்ட் போயிருந்தது, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம். மாதிரி வினாத்தாளை நான்காக மடித்துப் பையில் வைத்திருந்ததால், மடிப்புக் கோடு கணக்கின் நடுவே மேலிருந்து கீழாக ஓடியது. "மாமா, இது நீள்வட்டம்தானே? குவியம் அசிங்கமா வருது" என்று கீழே எழுதியிருந்தாள். குன்னூரில் உட்கார்ந்து நான் படித்ததும் இதுதான்:

9x² + 16y² − 18x − 64y − 199 = 0

இரண்டு வர்க்க உறுப்புகளும் ஒரே குறி, கெழுக்கள் வேறு வேறு. அப்படியானால் நீள்வட்டம். வர்க்கப் பூர்த்தி செய்தேன். வலப்பக்கம் 199 + 9 + 64 = 272 வந்தது. 272-ஐ 9-ஆல் வகுத்தால் முழு எண் இல்லை. குவியம் காணச் சொல்லும் பள்ளிக் கணக்குகளில் a², b² பெரும்பாலும் 25, 16, 9 மாதிரி நல்ல எண்களாக வரும். வரவில்லை என்றால் கணக்கு தப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் படத்தை இன்னொரு முறை பார்க்க அது போதுமான காரணம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அச்சில் உள்ள கூட்டல் குறியின் நிற்கும் கோடு எழுத்தின் உயரத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கோடு மேல் வரியிலும் கீழ் வரியிலும் தொடர்ந்தது. அது மடிப்பின் நிழல். 16y²-க்கு முன்னால் உண்மையில் இருந்தது கழித்தல் குறி.

9x² − 16y² − 18x − 64y − 199 = 0

வர்க்க உறுப்புகளுக்கு எதிர் எதிர் குறி. இது அதிபரவளையம். ஒரு குறி மாறியதில் வளைவே மாறிவிட்டது. அதனால் படத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். சமன்பாட்டை முதலில் ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு குறியையும் விரல் வைத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் எடுத்தால் தானாகப் படித்துக்கொள்ளும் செயலிகளை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. மங்கிய படத்தில் சிறிய ² காணாமல் போனால் சமன்பாடே வேறாகிவிடும். எனக்குத் தாளும் பென்சிலும்தான்.

இனி கணக்கு. x உறுப்புகளை ஒரு பக்கம், y உறுப்புகளை ஒரு பக்கம் சேர்த்து, கெழுவை வெளியே எடுங்கள்.

9(x² − 2x) − 16(y² + 4y) = 199

படித்த காலத்தில் நான் மாட்டிக்கொண்டதும், அக்கா மகள் அன்றைக்கு மாட்டிக்கொண்டதும் இந்த வரியில்தான். சமன்பாட்டில் −64y என்று இருக்க, அடைப்புக்குள் +4y எப்படி வந்தது? −16-ஐ வெளியே எடுத்ததால் உள்ளே குறி மாறுகிறது. −16 × 4y = −64y என்று திருப்பிப் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

அடுத்து, x² − 2x முழு வர்க்கமாக அடைப்புக்குள் 1 வேண்டும். y² + 4y-க்கு 4 வேண்டும். ஆனால் வலப்பக்கம் 1-ஐயும் 4-ஐயும் அப்படியே கூட்டக் கூடாது. உள்ளே போட்ட 1, வெளியே நிற்கும் 9-ஓடு பெருகி 9 ஆகிறது. உள்ளே போட்ட 4, −16-ஓடு பெருகி −64 ஆகிறது. வலப்பக்கம் சேர்க்க வேண்டியவை +9, −64.

9(x − 1)² − 16(y + 2)² = 199 + 9 − 64 = 144

144 வந்ததுமே எனக்கு நிம்மதி. இரு பக்கமும் 144-ஆல் வகுத்தால்:

(x − 1)²/16 − (y + 2)²/9 = 1

மையம் (1, −2). a² = 16, b² = 9. நீள்வட்டத்தில் பெரிய எண்தான் a². அதிபரவளையத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே எந்த உறுப்பு நேர்குறியோடு நிற்கிறதோ அதன் கீழே இருப்பதுதான் a², அது சிறிய எண்ணாக இருந்தாலும் சரி. இந்தக் கணக்கில் x உறுப்பு நேர்குறி, அதனால் குறுக்கச்சு x அச்சுக்கு இணை.

நீள்வட்டத்துக்கு c² = a² − b², அதிபரவளையத்துக்கு c² = a² + b². ஆக c² = 25, c = 5. மையத்தொலைத் தகவு e = c/a = 5/4. அதிபரவளையத்துக்கு இது 1-ஐ விடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும், இருக்கிறது.

குவியங்கள் மையத்திலிருந்து குறுக்கச்சின் வழியே 5 அலகு தள்ளி இருக்கும்: (6, −2), (−4, −2). இயக்குவரைகள் மையத்திலிருந்து a/e = 16/5 தொலைவில்: x = 1 + 16/5 = 21/5, x = 1 − 16/5 = −11/5. அக்கா மகள் முதலில் x = ±16/5 என்று எழுதினாள். "அது ஆதியிலிருந்து அளந்தது கண்ணு, உன் மையம் அங்கே இல்லையே" என்றேன். மையம் நகர்ந்தால் இயக்குவரையும் கூடவே நகரும்.

விடையைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி, வரையறைக்கே திரும்பிப் போவது. வளைவின் மேல் உள்ள எந்தப் புள்ளிக்கும், குவியத்துக்குள்ள தூரத்தை இயக்குவரைக்குள்ள தூரத்தால் வகுத்தால் e வர வேண்டும். முனை (5, −2)-ஐ எடுங்கள். குவியம் (6, −2)-க்கு 1 அலகு, x = 4.2 கோட்டுக்கு 0.8 அலகு. 1/0.8 = 1.25 = 5/4. இயக்குவரையில் தப்பு இருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

கரண்ட் வந்ததும் ஜியோஜீப்ராவில் வரைந்தும் பார்த்தோம். நான் விரும்புவது அதைத்தான், படமும் எண்ணும் சேர்ந்தே வரும்:

```
c: 9x^2 - 16y^2 - 18x - 64y - 199 = 0
Focus(c)
Eccentricity(c)
x = 21/5
```

கடைசி வரியின் கோடு, மையத்துக்கும் வலது முனைக்கும் நடுவில் விழ வேண்டும். அதிபரவளையத்துக்கு அப்படித்தான். நீள்வட்டத்துக்கு இயக்குவரை வளைவுக்கு வெளியே, முனையைத் தாண்டி நிற்கும்.

பின்சேர்க்கை: வலப்பக்கம் கழித்தல் எண் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதே கணக்கில் −199-க்குப் பதில் +89 இருந்தால் வலப்பக்கம் −89 + 9 − 64 = −144. −144-ஆல் வகுத்தால் குறிகள் இடம் மாறும்:

(y + 2)²/9 − (x − 1)²/16 = 1

இப்போது y உறுப்புதான் நேர்குறி, ஆகவே a² = 9, b² = 16. c அதே 5, ஆனால் e = 5/3. குவியங்கள் இனி மேலும் கீழும் போகும்: (1, 3), (1, −7). a/e = 9/5, இயக்குவரைகள் y = −2 ± 9/5, அதாவது y = −1/5, y = −19/5. பலர் இங்கேயும் x = என்றே எழுதிவிடுகிறார்கள். குறுக்கச்சு நிற்கும்போது இயக்குவரை கிடக்கும்.

xy உறுப்பு உள்ள சமன்பாட்டை ஒருவர் அனுப்பியிருந்தார். அதில் வளைவின் அச்சுகள் சாய்ந்திருக்கும். முதலில் அச்சுகளைச் சுழற்றாமல் மேலே சொன்ன வழி அதற்கு ஒத்துவராது.