ஒரு காதைக் கழற்றாமல் பாட: மேடை இசைக்குழுவுக்கு இன்-இயர் மொனிட்டர் அமைக்கும் முறை

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் குழு முதன்முதலாக, காதுக்குள் செருகித் தன் இசையைக் கேட்கும் இன்-இயர் போட்டு வாசித்த நாள். இரண்டாவது பாட்டின் சரணம் வருவதற்குள் பாடகத் தம்பி இடது காதைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுவிட்டான். இடைவேளையில் கேட்டேன். "அண்ணா, கிணத்துக்குள்ள நிண்டு பாடுற மாதிரி இருக்கு. சனம் கைதட்டுதோ இல்லையோ எண்டே தெரியேல்ல" என்றான். வலது காதின் வொலியூமை நன்றாகக் கூட்டியும் வைத்திருந்தான். அன்று இரவு படுக்கும்வரை அவன் காதுக்குள் கீச்சென்ற இரைச்சல்.

ஒரு காதைக் கழற்றுவதில் இரட்டை ஆபத்து இருக்கிறது. திறந்த காது ட்ரம்ஸின் முழுச் சத்தத்தையும் வாங்குகிறது. மறு காதுக்கோ, இரண்டு காதாலும் கேட்கும்போது இருந்த உரப்புப் போதாமல் போகிறது. கை தானாக வொலியூமைக் கூட்டுகிறது. "கழற்றாதே" என்று சொல்லி இதை நிறுத்த முடியாது. கழற்ற வைக்கும் காரணத்தை எடுத்துவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் பயிற்சி செய்யும் அறையில் அடுத்த இரண்டு ஞாயிறும் அதைத்தான் செய்தோம். அதே வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் காது அடைபட வேண்டும்

மிக்சரைத் தொடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இன்-இயரின் பஞ்சு முனையை விரலால் உருட்டி மெல்லியதாக்குங்கள். மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, முனையை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பிறகு பேஸ் நிறைந்த ஒரு பாட்டை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு இரண்டு பக்கத்தையும் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று பெருகினால், அதுவரை காற்று கசிந்திருக்கிறது. முனையின் அளவை மாற்றுங்கள். பாடகர்கள் வாயை அகலத் திறந்தும் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறும்.

இது ஏன் முக்கியம்? நன்றாக அடைபட்டால் வெளிச்சத்தம் ஏறக்குறைய 20 டெசிபல் குறையும். கசிந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். அதைத் தேடித்தான் பலர் வொலியூமைக் கூட்டுகிறார்கள். கொழும்பு வியர்வையில் பஞ்சு முனை சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

2. யாருக்கு எத்தனை ஒக்ஸ்

எங்களிடம் 16 சனல் டிஜிட்டல் மிக்சர் ஒன்று, அதில் ஒவ்வொருவர் காதுக்கும் தனிக் கலவை அனுப்ப 6 ஒக்ஸ் அவுட். குழுவில் ஐந்து பேர். பாடகனுக்கு இரண்டைச் சேர்த்து ஸ்டீரியோ கொடுத்தோம். ட்ரம்ஸ், கீபோர்ட், கிட்டார், பேஸ் நால்வருக்கும் ஒவ்வொன்று, மோனோ. ஸ்டீரியோவில் கீபோர்ட் ஒரு பக்கம், கிட்டார் மறுபக்கம் விலகி நிற்கும். நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். எல்லாம் நடுவிலேயே குவிந்தால் தன் குரலைத் தேடித் தேடி வொலியூம் ஏறும். எல்லா ஒக்ஸையும் ப்ரீ ஃபேடரில் வையுங்கள். இல்லையென்றால் சபைக்காக ஒரு ஃபேடரைத் தூக்கும்போதெல்லாம் அது காதுக்குள்ளும் ஏறும்.

3. காதில் போடுமுன் லிமிட்டர்

மைக் விழலாம், யாரோ வயரைப் பிடுங்கலாம், பின்னூட்டு கூவலாம். தரையில் கிடக்கும் மொனிட்டர் பொக்ஸ் என்றால் ஓரடி விலகலாம். காதுக்குள் இருப்பதிலிருந்து விலக முடியாது. அதனால் ஒவ்வொரு ஒக்ஸிலும் கொம்ப்ரஸரை, சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டராக மாற்றுங்கள். ரேஷியோவை ஆகக் கூடிய அளவுக்கும், அட்டாக்கை 0 வரையும் கொண்டுபோங்கள். அந்த எல்லையைக் குறிக்கும் த்ரெஷோல்டைத் தொடக்கத்தில் நன்றாகத் தாழ்த்தியே வையுங்கள்.

இடுப்பில் மாட்டும் பெட்டியின் வொலியூம் குமிழை ஒரு நடு அளவில் நிறுத்தி, அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். லிமிட்டர் மிக்சரில் இருக்கிறது, குமிழ் அதற்குப் பின்னால் இருக்கிறது. குமிழைத் திருப்பினால் லிமிட்டர் போட்ட எல்லையும் சேர்ந்து உயர்ந்துவிடும். இனி வேண்டிய கூட்டல் குறைத்தல் எல்லாம் மிக்சரிலிருந்துதான்.

4. பூச்சியத்திலிருந்து கலவை

எல்லா அனுப்பலும் கீழே இருக்க, காதில் போட்டபின் முதலில் அவரவர் சத்தம் மட்டும் மெல்ல ஏறட்டும். அடுத்து சுருதிக்குக் கீபோர்ட், தாளத்துக்குக் கிக்கும் ஹை-ஹாட்டும். அவ்வளவில் ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது.

"என் குரலைக் கூட்டுங்கோ" என்று கேட்டால் உடனே கூட்ட வேண்டாம். மற்றவற்றை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். தம்பிக்கு அப்படிக் கிட்டாரையும் ஸ்னேரையும் இறக்கியதும், "இப்ப காணும் அண்ணா" என்றான். அவன் குரலை நாங்கள் தொடவே இல்லை.

கலவை சரியானதும் குழுவின் மிக உரப்பான பாட்டை வாசித்துக்கொண்டே த்ரெஷோல்டை உயர்த்துங்கள். வழக்கமான உச்சங்களில் லிமிட்டர் விளக்கு எரியாமல், மைக்கைத் தட்டினால் மட்டும் எரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் தட்டலை யாரும் காதில் போட்டுக்கொண்டு சோதிக்கக் கூடாது. விளக்கைப் பார்த்தால் போதும்.

5. சபையைக் காதுக்குள் கொண்டுவருவது

கிணற்றை உடைத்தது இந்தப் படிதான். இரண்டு சிறிய கண்டென்சர் மைக்கை மேடையின் முன் இரு மூலைகளில், சபையைப் பார்த்து வையுங்கள். பிரதான ஸ்பீக்கர்களுக்குப் பின்னால், அவற்றின் வாய்க்கு நேரே வராதபடி நிற்கட்டும். இந்த மைக்குகளுக்கு மிக்சரிலிருந்து மின்சாரம் தரும் 48 வோல்ட்டைப் போடும்போது அந்தச் சனல்கள் மியூட்டில் இருக்க வேண்டும். சுமார் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்; மண்டபத்தின் முழக்கம் குறையும், கைதட்டலும் பேச்சும் அப்படியே இருக்கும்.

இந்த இரண்டு சனலையும் பிரதான வெளியீட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். மறந்தால் மண்டபமே கூவும். இவை காதுகளுக்கு மட்டும். பாடகனின் ஸ்டீரியோவில் இடது மைக் இடமும் வலது மைக் வலமும் போகட்டும்.

மைக்கை சவுண்ட்காரரின் மேசையருகே வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒலி 10 மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட 30 மில்லிசெக்கன் பிடிக்கும். அங்கிருந்து வரும் இசை காதில் பிந்தி விழுந்து தாளத்தைக் குழப்பும். மேடை விளிம்புதான் சரி.

பாட்டு நடக்கும்போது இந்த மைக்குகளை, இருப்பது தெரியாமலும் மியூட் செய்தால் மட்டும் வெறுமை தெரியும்படியாகவும் வையுங்கள். பாட்டு முடிந்ததும் மிக்சரில் இருப்பவர் 6 டெசிபல் அளவுக்குத் தூக்கி, அடுத்த பாட்டின் எண்ணிக்கை தொடங்குமுன் இறக்கட்டும். குழுவினர் தங்களுக்குள் பேச, காதுகளுக்கு மட்டும் போகும் சுவிட்ச் வைத்த மைக் ஒன்றை ட்ரம்ஸ்காரரிடம் கொடுங்கள். ஒருவரையொருவர் கேட்க முடிந்தாலே பாதித் தனிமை போய்விடும்.

தம்பிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது: தன் குரலே மண்டைக்குள் கும்மென்று முழங்கியது. காதை அடைத்தால் எலும்பு வழியாக வரும் குரல் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். முனையைச் சற்று ஆழமாகப் பொருத்தியதும் அது குறைந்தது.

6. நேரக் கணக்கு

லிமிட்டர் திடீர் அடியைத்தான் தடுக்கும். நீண்ட நேர உரப்பை அது கவனிக்காது. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி. ஒரு ரிசெப்ஷனில் மூன்று மணி நேரம் வாசிக்கிறோம். அப்படியென்றால் காதுக்குள் 88 அளவில்தான் இருக்க வேண்டும். காதுக்குள் அளக்கச் சரியான கருவி நம்மிடம் இருக்காது என்பதால் காதையே கேளுங்கள். கழற்றியதும் பக்கத்தில் பேசுபவரின் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டாலோ, இரைச்சல் இருந்தாலோ, அன்றைய அளவு கூடிவிட்டது. அடுத்த முறை எல்லா ஒக்ஸையும் 3 டெசிபல் இறக்கித் தொடங்குங்கள். இரைச்சல் மறுநாளும் நீடித்தால் காது டொக்டரிடம் போங்கள்.