க்ளோசபின் நோயாளியை அடுத்த டாக்டரிடம் ஒப்படைத்த கடிதம்

மாறுதலாகிப் போகும்போது என் கையில் இருந்தது நோய், மருந்து, அளவு என மூன்று கட்டம் போட்ட படிவம். பல வருடங்களாக நான் பார்த்துவந்த ஒரு மனச்சிதைவு நோயாளிக்கு அது போதாது. வேறு இரண்டு மருந்துகளை முழு அளவில் கொடுத்தும் அடங்காத, அவர் காதில் மட்டும் கேட்ட குரல்கள், க்ளோசபினில்தான் அடங்கின. அதனால் தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்.

முதல் பத்தியிலேயே ஆபத்தானதைச் சொன்னேன். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய 350 மில்லிகிராமை அப்படியே கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி ஏற்ற வேண்டும்.

அடுத்தது பீடி. பீடிப் புகை இந்த மருந்தை உடலில் வேகமாகக் கரைக்கிறது. அவர் வார்டில் சேர்ந்து பீடியை நிறுத்தினால், அதே மாத்திரையில் சில நாட்களிலேயே ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். அதிகத் தூக்கம், எச்சில் வடிதல் தெரிந்தால் அளவைக் குறைக்க வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம். என் கையில் இருந்த படிவத்தில் பீடிக்குக் கட்டம் கிடையாது!

நோய் திரும்புவதன் முதல் அடையாளத்தை அவருடைய அம்மாதான் சொன்னார்: "தூக்கம் கெடும் டாக்டர், அப்புறம் ஜன்னலைச் சாத்திக்குவான்." அதை அவர் வார்த்தையிலேயே எழுதினேன்.

கடிதத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, ஒரு பிரதியை அம்மாவிடமும் கொடுத்தேன். புது டாக்டரின் முதல் சந்திப்பில் நானும் உடன் இருந்தேன்.