கரிசல் காட்டில் அகலப்பாத்தியும் சாலும்: வாட்டம் பிடிக்கும் முறை

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கம் குடும்ப நிலத்தைக் கவனித்துவரும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரமானதும் களிமண் உப்பி அதன் வெடிப்புகள் மூடிக்கொள்வதால், வடகிழக்குப் பருவமழையில் நீர் கீழே இறங்காமல் வேர்மட்டத்திலேயே தேங்குகிறது. உளுந்து மஞ்சளித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நீரை வடிக்கத்தான் அகலமான பாத்திகளையும் அவற்றுக்கு இடையே சால்களையும் போடுகிறோம். இதற்கு, ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் பரப்பிய அளவுகளையே நானும் பின்பற்றுகிறேன். பாத்தியின் அகலம் 100 செ.மீ., சாலின் அகலம் 50 செ.மீ., ஆழம் 15 செ.மீ. டிராக்டரின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையும் 150 செ.மீ.க்கு மாற்றிவிட்டால், சக்கரம் சாலிலேயே ஓடும், பாத்தி மிதிபடாது. கோடை மழையின் ஈரம் இருக்கும்போதே உழுது, பருவமழைக்கு முன் பாத்தியைப் போட்டுவிட வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம் சாலின் வாட்டம். 100 மீட்டருக்கு 40 முதல் 80 செ.மீ. வரை இறக்கம் வேண்டும். குறைந்தால் நீர் நிற்கும், கூடினால் மண் அரித்துப்போகும். கண்மதிப்பை நம்பாதீர்கள். கைப்பேசிச் செயலிகளைவிடக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே எனக்கு நம்பகமானது. ஜாலான் புசார் வட்டார ஹார்ட்வேர் கடைகளில் 12 மீட்டர் ஒளிபுகும் குழாய் வாங்கி, ஊருக்கு எடுத்துச் செல்லலாம்.

60 மீட்டர் நீளச் சால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம் என்றால் மொத்தம் 30 செ.மீ. ஆகும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாதபடி நீரை நிரப்பி, இரு முனைகளையும் செ.மீ. குறித்த இரண்டு கம்புகளில் கட்டுங்கள். மேற்கம்பில் நீர்மட்டம் 100 செ.மீ. காட்டினால், 10 மீட்டர் தள்ளி நிற்கும் கீழ்க்கம்பில் 105 காட்ட வேண்டும். அப்படிக் காட்டும் வரை, தூரம் மாறாமல், கீழ்க்கம்பைச் சரிவில் மேலும் கீழுமாக நகர்த்தி முளை அடியுங்கள். அந்த முளையிலிருந்து அடுத்த அளவைத் தொடங்கினால், தொடங்கிய இடத்து முளையையும் சேர்த்து ஏழு முளைகளில் ஒரு கோடு கிடைக்கும். அது சற்று வளைந்திருப்பது இயல்பு. நேராக்க முயன்றால் வாட்டம் கெடும். மற்ற சால்களை 1.5 மீட்டர் இடைவெளியில் இதற்கு இணையாக இழுத்து, நிலத்தின் சரிவு மாறும் இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: சாலைச் சரியாகப் போட்டும் நீர் வடியவில்லை என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கடைசி வரப்பில் நீர் வடிய வாய் வெட்டாததே அவர்கள் எல்லோருக்கும் காரணமாக இருந்தது. சால்முனைகளை ஒரு புல் வளர்ந்த வடிகாலில் சேர்த்து, அதை ஓடைக்கோ பண்ணைக்குட்டைக்கோ கொண்டுபோக வேண்டும். ஓடையின் நீர்மட்டமே சாலைவிட உயர்ந்துவிடும் தாழ்நிலத்தில் இம்முறை பயன்படாது.

முதல் கனமழைக்கு மறுநாள் சால்வழியே நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நீர் நின்றால், அங்கிருந்து கீழ்நோக்கி உள்ள மேட்டை மண்வெட்டியால் சீவிவிட்டால் போதும். பாத்தியைக் கலைக்க வேண்டியதில்லை. அறுவடைக்குப் பிறகும் பாத்தியைக் குறுக்கே உழாமல் அதே இடத்தில் புதுப்பித்துவந்தால், அடுத்த ஆண்டு முளை அடிக்கும் வேலை மிச்சமாகும்.